பத்தாயிரம் கட்டினால் போதுமா? கடனட்டைக் கூற்றின் ‘மினிமம்’ சொல்லாத கணக்கு

கிளிநொச்சியில் படிப்பிக்கும் ரீச்சர் ஒருவர் சித்திரைக் கடைசியில் ஒரு பைலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். உள்ளே பன்னிரண்டு மாதக் கடனட்டைக் கூற்றுகள் திகதி வரிசையில் குத்தப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் பணம் கட்டிய பற்றுச்சீட்டு ஒட்டியிருந்தது. நான் பதினொரு வருடம் ஒரு வங்கிக் கிளையில் வேலை செய்தவன். இவ்வளவு ஒழுங்கான பைலை வங்கியிலேயே நான் அதிகம் கண்டதில்லை.

“நான் ஒரு மாசம்கூடத் தவறவிடேல்லை அண்ணை. கேட்ட காசை கேட்ட திகதிக்கு முன்னமே கட்டியிருக்கிறன். ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரத்துக்குமேல கட்டியாச்சு. கடன் ரெண்டு லட்சத்தில தொடங்கினது. இப்ப பாருங்கோ, ரெண்டு லட்சத்து ஐயாயிரத்து ஐந்நூறு. உவங்கள் எங்கயோ பிழை விட்டிருக்கிறாங்கள்.”

பிழை கண்டுபிடித்துக் கொடுப்பேன் என்ற நம்பிக்கையில்தான் வந்திருந்தார். இரண்டு மணித்தியாலம் இருந்து, கல்குலேட்டரை வைத்து ஒவ்வொரு கூற்றாகப் பார்த்தோம். வங்கி சதக்கணக்கில்கூடப் பிழை விடவில்லை. கடன் குறையாமல் நின்றதற்கு அந்தக் கூற்றுகளில் இருந்த ஒவ்வொரு இலக்கமும் சரியாக இருந்ததே காரணம்.

கடனின் கதை சிறியது. போன வருடம் மார்ச் மாதம் ரீச்சரின் தாயார் கிணற்றடியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். சத்திரசிகிச்சையைத் தனியார் மருத்துவமனையில் செய்வதென்று முடிவெடுத்தார்கள். முன்பென்றால் இப்படியான நேரத்தில் எங்கள் வீடுகளில் காப்போ சங்கிலியோ அடைவுக்குப் போகும். ரீச்சரின் குடும்பம் 2009இல் முள்ளிவாய்க்காலால் வந்து, மெனிக் பாம் முகாமில் இருந்து, பிறகு ஊர் திரும்பிய குடும்பம். அடைவு வைக்கிற அளவுக்கு நகை அந்த வீட்டில் பிறகு சேரவேயில்லை. சேர்ந்தது அரசாங்க வேலையும் மாதச் சம்பளமும் அதைக் காட்டி எடுத்த ஒரு கடனட்டையும்தான். மார்ச் 25ஆம் திகதி மருத்துவமனைக் கருமபீடத்தில் அந்த அட்டையை நீட்டி இரண்டு இலட்சம் ரூபாவைக் கட்டினார். தாயார் இப்போது நடக்கிறார். அந்தச் செலவைப் பற்றி எவரும் குறை சொல்ல முடியாது.

யுத்தம் முடிந்த கையோடு ஏ9 வீதியோரம் வரிசையாகத் திறந்த வங்கிக் கிளைகளையும் லீசிங் கம்பனிகளையும் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. நுண்கடனைப் பற்றியும் அப்படித்தான். வீடு தேடிவந்து வாசலில் குந்தியிருந்து கிழமைக்காசு கேட்பவர்களை எங்கள் பெண்கள் எப்படி எதிர்கொண்டார்கள் என்பது ஊரறிந்தது. கடனட்டை வாசலில் வந்து குந்தாது. மாதத்துக்கு ஒரு கடதாசி அல்லது ஒரு எஸ்எம்எஸ் வரும். அதில் மொத்த நிலுவை ஒரு இடத்திலும், அதற்குக் கீழே கண்ணுக்கு இதமான இன்னொரு சிறிய தொகையும் இருக்கும். அந்தச் சிறிய தொகைதான் ‘மினிமம் பேமன்ட்’, ஆகக்குறைந்த கொடுப்பனவு. ரீச்சரின் முதல் கூற்றில் மொத்த நிலுவை 200,000 ரூபா. ஆகக்குறைந்த கொடுப்பனவு 10,000 ரூபா. மே 10ஆம் திகதிக்கு முன் கட்டவேண்டும் என்று இருந்தது.

இந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது? நிலுவையில் ஐந்து சதவீதம். இலங்கையில் பல அட்டைகளில் இதுதான் வழக்கம். தவணை தவறிய தொகை முன்பிருந்து நின்றால், அல்லது எல்லையைத் தாண்டிச் செலவழித்திருந்தால், அதையும் இதோடு சேர்த்துக் கேட்பார்கள். அந்தத் தொகையைக் கட்டினால் உங்களுக்குக் கிடைப்பது மூன்று விடயங்கள்: தாமதக் கட்டணம் விழாது, அட்டையை நிறுத்தமாட்டார்கள், கடன் தகவல் பணியகத்தில், அதுதான் நாங்கள் ‘கிரிப்’ என்று சொல்வதில், உங்கள் பெயருக்கு நேரே தவணை தவறியவர் என்று பதியமாட்டார்கள். மினிமத்தின் வேலை அவ்வளவோடு முடிகிறது. வட்டியை நிறுத்துகிற வேலை அதற்குக் கிடையாது. ஆனால் கூற்றை வாசிக்கிற ஒரு சாதாரண மனிதர், ‘இம்மாதம் கட்டவேண்டியது இவ்வளவு’ என்று இருந்தால், அதைக் கட்டியதும் இம்மாதக் கணக்கு முடிந்தது என்றுதான் நினைப்பார். ரீச்சரும் அப்படித்தான் நினைத்தார்.

இனி வட்டிக்கு வருவோம். ரீச்சரின் அட்டைக்கு வட்டி வீதம் வருடத்துக்கு 26 சதவீதம். கணக்குப் பார்ப்பது நாள்வாரியாக. அன்றைக்கு எவ்வளவு நிலுவை இருக்கிறதோ, அதை 26 சதவீதத்தால் பெருக்கி 365ஆல் பிரித்தால் அன்றைய வட்டி. இரண்டு இலட்சத்துக்கு ஒரு நாள் வட்டி 142 ரூபா 47 சதம். கேட்கும்போது பெரிதாகத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் ஒரு பிளேன்டீயும் வடையும் என்று வையுங்கள். இது ஒவ்வொரு நாளும் ஏறி, மாதக் கூற்று அடிக்கும் நாளில் நிலுவையோடு சேர்ந்துவிடும். அடுத்த நாளிலிருந்து அந்த வட்டிக்கும் வட்டி.

ரீச்சருக்கு முதல் அதிர்ச்சி மே 20ஆம் திகதிக் கூற்றில் வந்தது. “பத்தாயிரம் கட்டினாப் பிறகு மிச்சம் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம். அதுக்கு ஒரு மாச வட்டி நாலாயிரத்துச் சொச்சம்தானே வரும்? ஏழாயிரத்துத் தொளாயிரம் போட்டிருக்கிறாங்கள்” என்றார். கணக்குப் படிப்பிக்கிற ரீச்சர். பெருக்கல் அவருக்குப் பிழைக்காது. அவர் தெரியாமல் இருந்தது வட்டி எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதை.

கடனட்டையில் வட்டியில்லாக் காலம் என்று ஒன்று உண்டு. அட்டையை விற்க வருகிறவர்கள் முதலில் சொல்வதும் அதுதான். ரீச்சரின் அட்டைக்குக் கூற்று அடிக்கும் நாள் 20. கட்டவேண்டிய கடைசி நாள் அடுத்த மாதம் 10. மார்ச் 25இல் செலவழித்த பணம் ஏப்ரல் 20 கூற்றில் வந்து, மே 10இல் கட்டினால் போதும். 46 நாட்கள் சும்மா கிடைக்கும் கடன். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. மே 10இல் மொத்த நிலுவையும் கட்டப்படவேண்டும். கட்டாவிட்டால் அந்தச் சலுகை முன்தேதியிட்டுப் பறிபோகும். வட்டி மே 11இலிருந்து தொடங்காது. மார்ச் 25இலிருந்து, மருத்துவமனைக் கருமபீடத்தில் அட்டையை இழுத்த நாளிலிருந்து தொடங்கும்.

அதனால் மே 20 கூற்றில் வந்தது இரண்டு துண்டு வட்டி. மார்ச் 25 தொடங்கி மே 10 வரை 46 நாட்களுக்கு இரண்டு இலட்சத்தின் மேல் 6,553 ரூபா. பத்தாயிரம் கட்டிய பிறகு பத்து நாட்களுக்கு 190,000 ரூபாவின் மேல் 1,353 ரூபா. கூட்டினால் 7,906 ரூபாவும் சில சதங்களும். அவர் கட்டிய பத்தாயிரத்தில் ஏறக்குறைய எண்பது சதவீதம் முதல் வட்டியிலேயே திரும்ப ஏறிவிட்டது.

இதில் இன்னொரு விசித்திரம் இருக்கிறது. அதை ரீச்சருக்குச் சொன்னபோது அவர் நம்ப மறுத்தார். அவர் மே 10இல் பத்தாயிரத்துக்குப் பதிலாக ஒரு இலட்சத்துத் தொண்ணூறாயிரம் கட்டியிருந்தார் என்று வைப்போம். மிச்சம் வெறும் பத்தாயிரம். வட்டி எவ்வளவு வந்திருக்கும்? பத்தாயிரத்துக்கு ஒரு மாத வட்டி இருநூறு ரூபா என்றுதான் எவரும் சொல்வர். நான் பார்த்திருக்கிற நிபந்தனைத் தாள்களின்படி வந்திருக்கும் வட்டி 6,600 ரூபாவுக்கு மேல். முழுத்தொகையும் கட்டப்படாததால் முழு இரண்டு இலட்சத்துக்கும் அந்த 46 நாள் வட்டி விழும். பத்தாயிரம் குறைந்ததற்காக 6,600. அட்டை வைத்திருப்பவர்களில் இது தெரிந்தவர்கள் மிகக் குறைவு. கையில் கொஞ்சம் குறைகிறதென்றால் அந்தப் பத்தாயிரத்தை யாரிடமாவது ஒரு கிழமைக்குக் கைமாற்றாக வாங்கியாவது முழுவதையும் கட்டுவது லாபம்.

இனி அந்தப் பன்னிரண்டு மாதங்களுக்கு வருகிறேன். ரீச்சர் வீண்செலவுக்காரி என்று எவரும் நினைக்கவேண்டாம். தாயாரின் மருந்து, சிலவேளை சுப்பர் மார்க்கெட் சாமான், தொலைபேசி பில் என்று மாதம் சராசரி ஆறாயிரம் ரூபா அதே அட்டையில் போயிருக்கிறது. பத்தாயிரம் கட்டுகிறேன், ஆறாயிரம் எடுக்கிறேன், அப்படியென்றால் மாதம் நாலாயிரம் கடன் குறையவேண்டும் என்பது அவருடைய கணக்கு. அந்த நாலாயிரத்தைத்தான் வட்டி சாப்பிட்டது. அதுவும் மிச்சம் வைக்காமல்.

வருடக் கணக்கை ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் காட்டினேன். தொடக்கக் கடன் 200,000. அதன்பிறகு வாங்கிய சாமான் 72,000. வங்கி போட்ட வட்டி சுமார் 56,000. மூன்றையும் கூட்டினால் 328,000. ரீச்சர் கட்டியது சுமார் 122,500. மிச்சம் 205,500. கூற்றில் இருந்த அதே தொகை. ரீச்சர் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு தன் கையால் ஒருமுறை கூட்டிப் பார்த்தார்.

அந்த 56,000இல் ஒரு பகுதி அன்றாடச் சாமானுக்கு விழுந்த வட்டி. பழைய நிலுவை நிற்கிற அட்டையில் புதுச் செலவுக்கு வட்டியில்லாக் காலம் கிடையாது. இன்று வாங்கிய பனடோலுக்கும் பால்மாவுக்கும் இன்றிலிருந்தே வட்டி ஓடும். முழு நிலுவையையும் ஒருமுறை கட்டி முடிக்கும்வரை இதுதான் நிலை. நிலுவை வைத்திருக்கிற எவரும் அந்த அட்டையை அன்றாடச் செலவுக்கு எடுக்கவே கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். சம்பளக் கணக்கின் டெபிட் கார்ட்டிலோ கைக்காசிலோ வாங்கினால் அதே ஆறாயிரம் வட்டியில்லாமல் போயிருக்கும். காசு எடுக்கும் இயந்திரத்தில் கடனட்டையைப் போட்டுக் காசு எடுப்பது இதைவிட மோசம். அதற்கு ஆரம்பத்திலிருந்தே வட்டியில்லாக் காலம் கிடையாது. எடுத்த கையோடு தனியாக ஒரு கட்டணமும் விழும்.

“சரி, இனிமேல் காட்டை அலுமாரியில வைச்சுப் பூட்டுறன். மினிமத்தை மட்டும் கட்டிக்கொண்டு வந்தால் எப்ப முடியும்?” என்று கேட்டார் ரீச்சர்.

இந்தக் கேள்விக்குத்தான் கூற்றில் பதில் இல்லை. மினிமம் என்பது நிலையான தொகை என்று நாங்கள் நினைக்கிறோம். அது நிலுவையின் ஒரு சதவீதம். நிலுவை குறையக் குறைய மினிமமும் குறையும். இப்போது 205,500க்கு மினிமம் 10,275. அட்டையைத் தொடாமல் ஒரு வருடம் மினிமம் மட்டும் கட்டினால் நிலுவை சுமார் 143,600 ஆகும். அப்போது வங்கி கேட்பது 7,180 தான். கேட்கிற தொகை குறைகிறதே என்று மனம் ஆறும். ஆனால் கடன் குறைகிற வேகமும் அதோடு சேர்ந்து குறைகிறது. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் மினிமம் 1,700 ரூபா, நிலுவை இன்னும் 34,000 இருக்கும். நிலுவை ஐயாயிரத்துக்கு இறங்க பத்து வருடத்துக்கு மேல் செல்லும். அதற்குள் கட்டிய வட்டி சுமார் 140,000 ரூபா. இது முழுவதும், ஒரு சதத்துக்கும் புதிதாகச் சாமான் வாங்காமல் இருந்தால்.

இதே ரீச்சர் முதல் மாதம் கட்டுகிற அதே 10,275 ரூபாவை, வங்கி குறைத்துக் கேட்டாலும் கேட்காவிட்டாலும், மாதாமாதம் அப்படியே கட்டிவந்தால்? இருபத்தாறாவது மாதம் கடன் முடிந்துவிடும். மொத்த வட்டி சுமார் 59,000. முதல் மாதம் இரண்டு வழிக்கும் ஒரே காசு. வித்தியாசம் இரண்டாவது மாதத்தில் 9,973 கேட்கும்போது 10,275 கட்டுவதில் தொடங்குகிறது. அந்த முந்நூறு ரூபாவில் தொடங்குகிற வித்தியாசம் எட்டு வருடத்தையும் 80,000 ரூபாவையும் மிச்சம் பிடிக்கிறது. என் வங்கி வாழ்க்கையில் இதை எந்த வாடிக்கையாளருக்கும் நாங்கள் சொல்லிக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. சொல்லக்கூடாது என்று தடை இருக்கவில்லை. சொல் என்று எவரும் சொல்லவும் இல்லை.

வங்கிக்கு ரீச்சர் ஒரு நல்ல வாடிக்கையாளர். உண்மையிலேயே மிக நல்ல வாடிக்கையாளர். மாதம் தவறாமல் வட்டியைக் கட்டிக்கொண்டு முதலை அப்படியே வைத்திருப்பவரைவிட ஒரு கடன்கொடுத்தவருக்கு வேறென்ன வேண்டும்? கிரிப் அறிக்கை துப்புரவாக இருக்கும். அட்டையின் எல்லையைக் கூட்டித் தரலாமா என்று தொலைபேசியில் கேட்பார்கள். ரீச்சரிடமும் கேட்டிருக்கிறார்கள். மினிமம் கட்டுகிற வாடிக்கையாளர் சிக்கலில் இருக்கிறார் என்று காட்டும் சிவப்பு விளக்கு அந்த அமைப்பில் எங்கும் எரிவதில்லை. தவணை தவறினால்தான் எரியும்.

வட்டி வீதத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். கடந்த சில வருடங்களில் நாட்டில் நடந்ததை மறந்தால் இந்தக் கணக்கு முழுமையாகாது. கடனட்டை வட்டி நீங்கள் கடன் எடுத்த நாளில் நிச்சயிக்கப்பட்ட வீதம் அல்ல. 2020 ஓகஸ்டில் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு 18 சதவீதம் என்று உச்சவரம்பு போட்டது. கொவிட் காலம். பலர் அந்த நம்பிக்கையில் நிலுவை வைத்தார்கள். 2022 ஏப்ரலில் பொருளாதாரம் விழுந்தபோது அந்த உச்சவரம்பு நீக்கப்பட்டது. அந்த வருடம் முடிவதற்குள் வங்கிகள் 36 சதவீதம்வரை ஏற்றின. 2023 ஓகஸ்டில் மத்திய வங்கி மறுபடி தலையிட்டு 28 சதவீதம் என்று வரம்பு விதித்தது.

இந்த ஏற்ற இறக்கம் எல்லாம் பழைய நிலுவைக்கும் பொருந்தும். 2021இல் 18 சதவீதத்தில் இரண்டு இலட்சம் நிலுவை வைத்திருந்தவருக்கு மாத வட்டி சுமார் மூவாயிரம். பத்தாயிரத்துச் சொச்சம் மினிமம் கட்டினால் ஏழாயிரம் கடனில் கழியும். அதே மனிதருக்கு, அதே கடனுக்கு, 2022 கடைசியில் மாத வட்டி ஆறாயிரம். அதே மினிமத்தில் இப்போது கழிவது நாலாயிரத்துச் சொச்சம். அவர் புதிதாக எதையும் வாங்கவில்லை, எதையும் தவறவிடவில்லை. அரிசியும் மண்ணெண்ணெயும் விலை ஏறிய அதே மாதங்களில் பழைய கடனும் விலை ஏறியது. அடைவுக்கடையில் துண்டை எழுதும்போது போட்ட வீதம் அந்தத் துண்டு மீட்கும்வரை நிற்கும் என்ற பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது விளங்குவது கடினம். வட்டி மாற்றம் பற்றிய அறிவித்தல் கூற்றின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் வந்திருக்கும். ரீச்சரின் கூற்றுகளில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருந்தது. பன்னிரண்டு கூற்றிலும் ஒரு தமிழ் எழுத்தை நான் காணவில்லை.

அமெரிக்காவில் 2009இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதன்படி ஒவ்வொரு கடனட்டைக் கூற்றிலும் ஒரு பெட்டி அச்சடிக்க வேண்டும். மினிமம் மட்டும் கட்டினால் கடன் முடிய எத்தனை வருடம், மொத்தம் எவ்வளவு கட்டவேண்டி வரும், மூன்று வருடத்தில் முடிக்கவேண்டுமென்றால் மாதம் எவ்வளவு கட்டவேண்டும் என்று அந்தப் பெட்டியில் இருக்கும். வாடிக்கையாளரின் சொந்த நிலுவையை வைத்துப் போட்ட இலக்கம். ரீச்சரின் ஏப்ரல் கூற்றில் ‘பத்து வருடத்துக்கு மேல்’ என்று ஒரு வரி இருந்திருந்தால் அவர் ஒரு வருடம் காத்திருந்திருக்கமாட்டார். வட்டியைக் கணக்குப் பார்க்கிற அதே கணினிக்கு அந்த வரியை அச்சடிப்பது ஒரு வேலையே இல்லை. 2023இல் மத்திய வங்கி நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளை வெளியிட்டது. வட்டிக்கு உச்சவரம்பு போடவும் நீக்கவும் அதற்கு முடிந்திருக்கிறது. இந்த ஒரு பெட்டியையும், அதைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சடிக்கச் சொல்வதையும் எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் கேட்கலாம். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

அதுவரைக்கும் ரீச்சருக்கு என்ன செய்வது? முதலில் பார்த்தது, மருத்துவமனைக் கட்டணத்தை ஆரம்பத்திலேயே தவணைத் திட்டத்துக்கு மாற்றியிருக்கலாமா என்று. பல வங்கிகள் பெரிய கொள்வனவு ஒன்றை ஆறு, பன்னிரண்டு மாதத் தவணையாகப் பிரித்துத் தருகின்றன. வட்டியில்லை என்று விளம்பரம் இருந்தாலும் கையாளும் கட்டணம் ஒன்று எடுப்பார்கள். ஆனாலும் அது 56,000க்குக் கிட்டவும் வராது. இதைக் கேட்கவேண்டியது செலவழித்த சில நாட்களுக்குள், முதல் கூற்று அடிக்கப்படுவதற்கு முன். ரீச்சருக்கு அது முடிந்துபோன காலம். தவணைத் திட்டத்திலும் ஒரு கொழுக்கி உண்டு. மாதத் தவணை பெரும்பாலும் முழுவதாக மினிமத்துக்குள் ஏறும். அதைக் கட்டத் தவறினால் திட்டம் கலைந்து பழைய வட்டிக்கே திரும்பலாம்.

அடுத்தது இந்தக் கடனைக் குறைந்த வட்டிக் கடன் ஒன்றுக்கு மாற்றுவது. சம்பளத்தில் கழிக்கப்படும் தனிநபர் கடன் கடனட்டையைவிட மலிவாகக் கிடைக்கலாம். ஆசிரியர்களுக்கான சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்களும் இருக்கின்றன. நகை இருக்கிற வீடுகளில் அடைவும் ஒரு வழி. 2023இல் அடைவுக்கு மத்திய வங்கி விதித்த வரம்பு 18 சதவீதம், கடனட்டைக்கு 28. ஆனால் அடைவில் தவறினால் போவது நகை. அதோடு, மாற்றுக்கடன் எடுத்து அட்டையை வெறுமையாக்கிவிட்டு, வெறுமையான அட்டையில் மறுபடி சாமான் வாங்கி இரண்டு கடனோடு வந்து நின்றவர்களை என் வங்கிக் காலத்தில் நிறையக் கண்டிருக்கிறேன். அட்டையை நிறுத்தாமல் கடனை மாற்றுவதை நான் எவருக்கும் சொல்வதில்லை.

ரீச்சர் கடைசியில் தேர்ந்தெடுத்தது இரண்டையும் கலந்த வழி. சங்கத்தில் ஒரு இலட்சம் கடனுக்கு விண்ணப்பித்திருக்கிறார். அட்டையின் தன்னியக்கக் கழிவு ‘மினிமம்’ என்று அடையாளமிடப்பட்டிருந்தது. விண்ணப்பப் படிவத்தில் ‘மினிமம்’, ‘முழுத்தொகை’ என்று இரண்டு கட்டங்கள்தான் இருந்தனவாம். அவர் முதலாவதில் புள்ளடி போட்டிருக்கிறார். அதை நிறுத்திவிட்டு, சம்பளக் கணக்கிலிருந்து மாதம் பன்னிரண்டாயிரம் நிலையாகப் போகும்படி எழுதிக் கொடுத்தார். கருமபீடத்தில் இருந்த பிள்ளை “மினிமம் இதைவிடக் குறைவுதானே ரீச்சர், ஏன் கூடக் கட்டுறியள்?” என்று கேட்டதாம். மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறது.

விளக்கம் தேவையானால் கிளையில் தமிழில் எழுத்தில் கேளுங்கள். வட்டி எந்த நாளிலிருந்து, எந்தத் தொகைக்கு, என்ன வீதத்தில் என்ற மூன்றையும் கேளுங்கள். பதில் வராவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

ரீச்சருக்கு ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். ஒருநாள் கூற்றில் இருக்கிற முழு நிலுவையையும் கட்டி முடிப்பார். அதற்கு அடுத்த மாதமும் ஒரு கூற்று வரும். அதில் சில நூறோ சில ஆயிரமோ வட்டி இருக்கும். கூற்று அடித்த நாளுக்கும் பணம் கட்டிய நாளுக்கும் இடையில் ஓடிய வட்டி அது. இரண்டு இலட்சத்தை ஒரேயடியாகக் கட்டினால் அந்த இருபத்தொரு நாளுக்கு மூவாயிரம் ரூபா அளவில் வரும். கடன் முடிந்ததென்று அந்தக் கடதாசியைப் பிரிக்காமல் வைத்துவிட்டு, சில மாதம் கழித்துத் தாமதக் கட்டணமும் கிரிப் பதிவுமாக வந்து நின்றவர்கள் உண்டு. அந்தக் கடைசித் துண்டையும் கட்டி, நிலுவை பூச்சியம் என்று எழுத்தில் வாங்கிய பிறகுதான் அட்டையை வெட்டவேண்டும்.

“அப்ப அந்தக் கடுதாசிக்கும் பைலில ஒரு இடம் விட்டு வைக்கிறன்” என்றார் ரீச்சர்.